‘உடைச்சேன்’, ‘உடைச்சிட்டேன்’: விடு, கொள் துணைவினைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஓனரம்மாவிடம் “உங்க கண்ணாடி டம்ளரை உடைச்சேன்” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. வாக்கியத்தில் என்ன தப்பு?

இலக்கணத் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சிக்கல். அடையாறில் மாலை வேளையில் வெளிமாநிலத்தவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாடத்தில் படித்தபடி எழுவாய், செயப்படுபொருள், இறந்தகாலம் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்.

“உடைச்சேன்” என்பது நடந்ததை மட்டும் சொல்லும். யார் உடைத்தது என்று கேட்டால் “ஆமா, நான்தான் உடைச்சேன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற குரல் அதில் இருக்கிறது. “உடைச்சிட்டேன்”, அதாவது விடு சேர்ந்த ‘உடைத்துவிட்டேன்’, என்றால் கதை வேறு. நடந்தது நடந்துபோச்சு, இனித் திருப்ப முடியாது, நானும் அதை விரும்பவில்லை என்று மூன்றும் அந்த ஒரு ‘ட்டேன்’னுக்குள் வந்துவிடும். “ஐயோ” என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

இன்னும் ஒரு படி இறங்கிப் போகலாம். “டம்ளர் உடைஞ்சிடுச்சு” என்றால் உடைத்த ஆளே வாக்கியத்தில் இருக்கமாட்டார். டம்ளர் தானாக உடைந்த மாதிரி. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இந்த வடிவத்தை நாலு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஓனரம்மாவிடம் நான் சிபாரிசு செய்வது நடுவில் இருப்பதை: “கை தவறி உடைச்சிட்டேன்மா.” பொறுப்பும் ஏற்றாயிற்று, வருத்தமும் சொல்லியாயிற்று.

விடு வந்தால் ‘செயல் முடிந்துவிட்டது’ என்று பொருள் என்கிறார்கள். அப்படியென்றால் “நாளைக்கு வந்துடறேன்” என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

விடு காலத்தைக் காட்டுவதில்லை. காலத்தை அது எடுக்கும் வடிவம் காட்டிக்கொள்ளும்: முடிச்சிட்டேன், முடிச்சிடறேன், முடிச்சிடுவேன், முடிச்சிடு. விடு காட்டுவது செயலின் கடைசி முனையை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற இழுபறி இல்லாமல் செயல் அந்த முனையைத் தாண்டிவிடும் என்பதே அதன் பொருள். தாண்டியது நேற்றாக இருந்தால் ‘முடிந்துவிட்டது’ என்று நமக்குக் கேட்கிறது. தாண்டப்போவது நாளை என்றால் அதே பொருள் உறுதிமொழியாகக் கேட்கிறது.

தையல் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். “வெள்ளிக்கிழமை தர்றேன்” என்று சொன்னால் அது ஒரு தகவல். “வெள்ளிக்கிழமை தந்துடறேன்” என்று சொன்னால் வாக்குறுதி. (வெள்ளிக்கிழமை ரவிக்கை கிடைக்குமா என்பது இலக்கணத்துக்கு வெளியே.) ஏவலிலும் இப்படித்தான். “சொல்லு” என்பதைவிட “சொல்லிடு” அழுத்தமானது. எதையோ மனசுக்குள் வைத்துக்கொண்டு தயங்குகிறவரிடம்தான் “சொல்லிடு” என்போம்.

அப்போ இறந்தகாலம் எல்லாவற்றுக்கும் ‘ட்டேன்’ போட்டுவிடலாமா?

புதிதாகக் கற்கிறவர்கள் முதல் மாதம் விடுவைப் போடவே மாட்டார்கள். மூன்றாம் மாதம் எல்லா வாக்கியத்திலும் போடுவார்கள். இரண்டாவது வகைதான் காதில் அதிகம் இடறும்.

“நேத்து ராத்திரி என்ன பண்ணீங்க?” என்று கேட்டால், “பீச்சுக்குப் போனேன், சுண்டல் சாப்பிட்டேன், ஒன்பது மணிக்குத் திரும்பினேன்” என்று வெறும் இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். கதை சொல்லும்போது செயல்கள் வரிசையாக வந்தால் போதும், ஒவ்வொன்றும் முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதையே “பீச்சுக்குப் போயிட்டேன், சுண்டல் சாப்பிட்டுட்டேன்” என்று சொன்னால், டாக்டர் சுண்டல் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தாரோ என்று கேட்பவர் யோசிப்பார்.

மாறாக, வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சாப்பிட உட்காரச் சொல்கிறீர்கள். அவர் “சாப்பிட்டேன்” என்று சொல்லலாம். ஆனால் “சாப்பிட்டுட்டேங்க” என்றால்தான் இலை போட வேண்டாம் என்று பொருள் வரும். முடிந்துபோன ஒரு செயலால் இப்போதைய நிலைமை மாறியிருக்கிறது என்றால் விடு வேண்டும். மாறவில்லை என்றால் வேண்டாம். நான் வகுப்பில் சொல்லும் ஒரே சோதனை இதுதான்.

“செஞ்சிட்டேன்” என்பதற்கு எதிர்மறை “செஞ்சிடலை”யா?

இல்லை. “இன்னும் செய்யலை.” நடக்காத செயலுக்குத் தாண்டிப்போக முனையே இல்லாததால் விடு அங்கே உதிர்ந்துவிடுகிறது. எழுத்தில் “அவர் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை” என்று பார்த்திருப்பீர்கள். அது சாதாரண எதிர்மறை இல்லை, யாரோ சாதித்தார் என்று சொன்னதை மறுக்கும் குத்தல்.

ஆனால் ‘செய்யாதே’ என்கிற விலக்கலில் விடு வரும், அங்கே அதன் வேலை மிக அழகானது. மொட்டைமாடிச் சுவர்மேல் ஏறி நிற்கிற பையனிடம் “விழாதே” என்று யாரும் கத்துவதில்லை. வேண்டுமென்றே விழுகிறவனிடம்தான் அப்படிச் சொல்ல முடியும். “விழுந்துடாதே!” என்றுதான் வாயில் வரும். கைமீறி நடக்கக்கூடிய செயலுக்கான எச்சரிக்கை அது. “மறந்துடாதே”, “தூங்கிடாதே”, “தொலைச்சிடாதே” எல்லாம் இதே வகை. “அவனுக்குப் பணம் கொடுக்காதே” என்றால் தடை. “அவனுக்குப் பணம் கொடுத்துடாதே” என்றால், உன் இளகின மனசு எனக்குத் தெரியும், ஏமாந்துபோய்க் கொடுத்தாலும் கொடுப்பாய் என்ற பயமும் சேர்ந்து வருகிறது.

கொள் என்றால் ‘தனக்காக’ என்று படித்தேன். “போலீஸில் மாட்டிக்கிட்டான்” என்பதில் அவனுக்கு என்ன நன்மை?

ஒரு நன்மையும் இல்லை. ‘தன் நன்மைக்கு’ என்று பாடங்களில் எழுதுவது பாதி உண்மை. கொள் சொல்வது ஒன்றுதான்: செயலின் விளைவு செய்தவரிடமே வந்து சேர்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம், அடியாகவும் இருக்கலாம்.

“புடவை வாங்கினேன்” என்றால் யாருக்கு என்று தெரியாது. “புடவை வாங்கிக்கிட்டேன்” என்றால் எனக்கு. இது நல்ல பக்கம். “கதவுல தலையை இடிச்சுக்கிட்டேன்”, “கையை வெட்டிக்கிட்டேன்”, “வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்”, இவை மறுபக்கம். “கையை வெட்டினேன்” என்று மட்டும் சொன்னால் இன்னொருவர் கையோ என்று கேட்பவர் திடுக்கிடுவார். இருவர் சேர்ந்த செயலில் விளைவு அவர்களுக்குள்ளேயே சுற்றும்: “ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க.” ஒருவரை ஒருவர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆட்டோவில் இறங்கி மீதிச் சில்லறையை வாங்காமல் “வச்சுக்கோங்க” என்றால், அந்தப் பணம் இனி ஓட்டுநருடையது. “வச்சிடுங்க” என்றால் எங்கேயோ கீழே வைக்கச் சொல்கிறீர்கள். போனை வைப்பதற்கும் “வச்சிடு”தான். என் மாணவி ஒருவர் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் துவைத்த புடவையைக் காட்டி “வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டார். அலமாரியில் வைக்கச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. அக்கா சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். திருப்பிக் கேட்க மாணவிக்கு மனம் வரவில்லை.

ஒரே வினையில் மூன்றையும் பார்க்க ‘பார்’ நல்ல வினை. “குழந்தையைப் பார்த்தேன்”: கண்ணில் பட்டது. “குழந்தையைப் பாத்துட்டேன்”: பார்க்கப் போக வேண்டியிருந்தது, அந்தக் காரியம் முடிந்தது. “குழந்தையைப் பாத்துக்கிட்டேன்”: பொறுப்பை என் தலையில் ஏற்றுக் கவனித்தேன். “நான் பாத்துக்கறேன்” என்று ஒருவர் சொன்னால் நீங்கள் அந்தக் கவலையை விடலாம் என்று பொருள். “பாத்துடறேன்” என்று சொன்னால் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். அலுவலகத்தில் இந்த இரண்டையும் மாற்றிக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

“எனக்குப் புரிஞ்சுது”, “நான் புரிஞ்சுகிட்டேன்” இரண்டும் ஒன்றுதானே? ஏன் ஒன்றில் ‘எனக்கு’, ஒன்றில் ‘நான்’?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. புரி, தெரி போன்றவை நம்மிடம் வந்து நிகழ்பவை. அதனால்தான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை. புரிந்ததற்கு நான் எதுவும் செய்ததாக வாக்கியம் சொல்லவில்லை.

கொள் சேர்ந்ததும் அதையே நான் முயன்று எடுத்து எனக்குள் வைத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. முயன்றவர் ஒருவர் வந்துவிட்டதால் ‘எனக்கு’ போய் ‘நான்’ எழுவாய் ஆகிறது. அதனால்தான் “புரிஞ்சுக்கோ” என்று கட்டளை இட முடிகிறது. “உனக்குப் புரி” என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தது, தெரிந்துகொண்டேன் ஜோடியும் இதே. விடு சேர்ந்தால் இந்த மாற்றம் நடக்காது: “எனக்குத் தெரிஞ்சிடுச்சு” என்பதில் ‘எனக்கு’ அப்படியே இருக்கிறது. ரகசியம் என் முயற்சி இல்லாமலே அம்பலமாகிவிட்டது, அவ்வளவே.

“போய்க்கிட்டு இருக்கேன்” என்பதில் உள்ள கொள்ளும் அதே கொள்தானா?

சொல் அதே, வேலை வேறு. ‘கொண்டு இரு’ என்று சேர்ந்து வந்தால் செயல் தொடர்ந்து நடக்கிறது என்று மட்டும் பொருள், தனக்கு என்ற பொருள் மறைந்துவிடும். “மழை பெஞ்சுகிட்டு இருக்கு” என்பதில் மழைக்கு ஆதாயம் ஏதும் இல்லை.

ஏரியில் தண்ணீர் “திறந்து விட்டார்கள்” என்று செய்தியில் வருகிறது. இது துணைவினையா, இல்லை உண்மையிலேயே ‘விடுவதா’?

உண்மையிலேயே விடுவதுதான். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி காது. துணைவினையாக வரும் விடு பேச்சில் தன் ‘வி’யை இழந்து முன் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: திறந்துவிட்டேன், திறந்துட்டேன். முதல்வினையாக, அனுப்பு, வெளியேற்று என்ற பொருளில் வரும் விடு ‘வி’யை விட்டுக்கொடுக்காது. “கடையைத் திறந்துட்டாங்க” என்போம். “தண்ணியைத் திறந்து விட்டாங்க” என்போம். ஊருக்குப் போகும் அத்தையை எழும்பூரில் “ரயில் ஏத்தி விட்டேன்” என்பதிலும் ‘வி’ தெளிவாகக் கேட்கும். மூட்டையை லாரியில் “ஏத்திட்டேன்” என்பதில் கேட்காது.

இரண்டாவது வழி, வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்ப்பது. மழைக்காலத்தில் “செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது” என்று படிக்கிறோம். ‘படு’ வந்து விடுவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அது விடு என்ற செயலையே செயப்பாடாக்குகிறது என்றால் அங்கே விடு உண்மையான வினை. கடை விஷயத்தில் இது நடக்காது. “கடை திறக்கப்பட்டுவிட்டது” என்றுதான் எழுத முடியும். படு முதல்வினையோடு போய்விடும், விடு கடைசியில் நின்று முற்றுப்பெற்றதைக் காட்டும். “கடை திறந்துவிடப்பட்டது” என்று எழுதிப் பாருங்கள், கடையைக் கூண்டிலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும்.

இந்தச் சோதனையைக் கொள்ளுக்கு அப்படியே போடக்கூடாது. “ஏற்றுக்கொள்ளப்பட்டது”, “எடுத்துக்கொள்ளப்பட்டது” என்று தாராளமாக வருகிறது. இவற்றில் கொள் முன் வினையோடு உருகிப்போய் ஒரே வினையாகிவிட்டது. ‘ஏற்றான்’, ‘ஏற்றுக்கொண்டான்’ இரண்டையும் பிரித்துப் பொருள் சொல்லச் சொன்னால் தமிழாசிரியருக்கே ஒரு நிமிஷம் ஆகும்.

“தாம்பரம் வண்டியை விட்டுட்டேன்” என்கிறார்களே, அதில் விடு எங்கே?

இரண்டு இருக்கிறது. விட்டு + விட்டேன். முதல் விடு தவறவிட்டதைச் சொல்கிறது, இரண்டாவது விடு வருத்தத்தைச் சொல்கிறது. பேச்சில் இரண்டாவது மட்டும் சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள், முந்தைய பதிலில் சொன்ன காதுச் சோதனை இங்கேயும் ஒத்துவரும். “சிகரெட்டை விட்டுட்டேன்” என்பதும் இதே அமைப்புதான். அதில் வருத்தம் இல்லை, திரும்பப் போகமாட்டேன் என்ற முடிவு இருக்கிறது. விடு எந்த உணர்ச்சியைக் கொண்டுவரும் என்பதைச் செயலும் சொல்பவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள்.

“சாப்பிட்டுட்டு வா” என்பதில் இருப்பதும் இதே விடுதானா?

அதேதான், எச்ச வடிவில். சாப்பிட்டுவிட்டு, அதாவது ஒன்றை முடித்த பிறகு அடுத்தது. இது இல்லாமல் “சாப்பிட்டு வா” என்றாலும் புரியும், ஆனால் இரண்டு செயலுக்கும் நடுவே உள்ள கோடு மங்கிவிடும். சில இடங்களில் பொருளே மாறும். “அழுதுகிட்டே வந்தான்” என்றால் வரும்போது கண்ணீர். “அழுதுட்டு வந்தான்” என்றால் அழுது முடித்து, முகம் கழுவி வந்திருக்கிறான்.

கொள், விடு இரண்டையும் ஒரே வினையில் சேர்க்கலாமா?

எழுத்தில் சேர்க்கலாம். வரிசை மாறாது: கொள் முதலில், விடு கடைசியில். “அவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்.” ‘ஏற்றுவிட்டுக்கொண்டார்’ என்று யாரும் எழுதமாட்டார்கள். விளைவு யாரிடம் சேர்கிறது என்பது செயலின் உள்விஷயம், அதனால் வினைக்கு ஒட்டியே நிற்கிறது. முடிந்ததா என்பது மொத்தச் செயலையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது, அதனால் வெளியே நிற்கிறது. பேச்சில் ‘ஏத்துக்கிட்டாரு’ என்பதே இரண்டு வேலையையும் பார்த்துவிடும்.

சேர்த்து எழுத வேண்டுமா, பிரித்தா? ஒற்று எங்கே போடுவது?

துணைவினை என்றால் சேர்த்து எழுதுங்கள், உண்மையான வினை என்றால் பிரியுங்கள். பத்திரிகைகள் எல்லாம் இதைப் பின்பற்றுவதில்லை. ஆனால் ‘ஏற்றிவிட்டேன்’, ‘ஏற்றி விட்டேன்’ என்று பேச்சில் காது செய்கிற வேலையை எழுத்தில் இந்த இடைவெளிதான் செய்ய முடியும்.

ஒற்றுச் சிக்கல் விடுவுக்கு இல்லை, வகரத்தின் முன் வலி மிகாது. கொள்ளுக்கு உண்டு. எடுத்து, படித்து, சாப்பிட்டு போன்ற வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் மிகும்: எடுத்துக்கொள். வாங்கி, ஓடி என்று இகரத்தில் முடிந்தாலும், போய் என்று முடிந்தாலும் மிகும்: வாங்கிக்கொள், போய்க்கொண்டு. வந்து, செய்து, அழுது இவற்றின் பின் மிகாது: செய்துகொள். மாணவர்கள் ‘செய்துக்கொள்’ என்று எழுதுவதற்குக் காரணம் பேச்சில் ‘செஞ்சுக்கோ’ என்று அழுத்திச் சொல்வதுதான்.

எங்கள் தெரு ஆட்டோ ஸ்டாண்டில் “வாங்கிக்கினேன்” என்கிறார்கள், மயிலாப்பூர் மாமி “வாங்கிண்டேன்” என்கிறார். எதைக் கற்றுக்கொள்வது?

வாங்கிக்கொண்டேன் என்பதன் பேச்சு வடிவங்கள்தான் எல்லாமே. ‘கிட்டேன்’ பொதுவாக எல்லாரும் பேசுவது. ‘கினேன்’, ‘க்கினு’ மெட்ராஸ் பாஷை. ‘ண்டேன்’ பிராமணர் வீடுகளில் கேட்பது. வாய்க்கு ‘கிட்டேன்’ போதும். காதுக்கு மூன்றும் வேண்டும், ஏனென்றால் “இன்னா பண்ணிக்கினு கீற?” என்று யாராவது கேட்டால், உங்களுக்கு என்ன ஆதாயம் என்று அவர் கேட்கவில்லை, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்.